பிரதம விருந்தினர் அறிமுகம்: இரண்டரைப் பக்கத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு

*"ஐயா, கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினர் எங்கள் பழைய மாணவர், நீர்ப்பாசனப் பொறியியலாளர். அவரை அறிமுகம் செய்வது என் பொறுப்பு. இரண்டரைப் பக்கம் எழுதிவிட்டேன். அதிபர் 'நீளம்' என்கிறார். விருந்தினரே தொலைபேசியில் 'என்னைப் புகழாதீங்கோ டீச்சர்' என்று சொல்லிவிட்டார். சுருக்கினால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வரைவை அனுப்புகிறேன், எப்படித் திருத்துவது?"*

வரைவை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கண்ணால். இரண்டாம் தடவை வாய்விட்டு, மேடையில் வாசிக்கிற வேகத்தில், கைபேசியில் நேரம் வைத்து. ஆறு நிமிடத்துக்கு மேல் போனது. ஒலிவாங்கி முன்னால் நின்று நிதானமாக வாசிக்கிறவர் நிமிடத்துக்கு நூறு சொல் அளவில்தான் போவார். உங்கள் வரைவில் அறுநூறு சொல்லுக்கு மேல் இருக்கிறது. அதிபர் சொன்னது சரி.

அந்த ஆறு நிமிடம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். மங்கள விளக்கேற்றி, இறைவணக்கம் பாடி, பாடசாலைக் கீதம் பாடி, வரவேற்பு நடனம் ஆடி, வரவேற்புரை, தலைமையுரை, அதிபர் அறிக்கை எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் வெயில் தகரத்தில் ஏறியிருக்கும். பரிசு வாங்க வந்த தரம் 3 பிள்ளை முன்வரிசையில் தூங்கி விழும். அப்போது நீங்கள் எழுந்து ஆறு நிமிடம் வாசித்தால், அந்த ஆறு நிமிடமும் விருந்தினர் பேச்சிலிருந்துதான் போகும். பரிசு கொடுக்கிற நேரத்தை யாரும் குறைக்க மாட்டார்கள்.

இனி மரியாதை பற்றிய பயம். அந்த மனிதர் வாசலில் இறங்கியதிலிருந்து என்னென்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாலை, பாண்ட் வாத்தியம், இருபக்கமும் நிற்கிற பிள்ளைகள், விளக்கேற்றும்போது முதல் திரி, நடுக்கதிரை, பிறகு பொன்னாடை. எங்கள் ஊர் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை எல்லாம் உங்கள் முறை வருவதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. அதில் உங்கள் பங்கு வேறு. சபையில் இருக்கிற பிள்ளைக்கு இவர் யார், ஏன் இந்த மேடைக்கு இவரை அழைத்தோம் என்று தெரிய வேண்டும். அதை அறிமுக உரை மட்டும்தான் செய்ய முடியும், மாலையும் பாண்டும் செய்யாது.

சரி, வரைவுக்கு வருவோம். நீங்கள் தொடங்கியது இப்படி:

> மாண்புமிகு பிரதம விருந்தினர் உயர்திரு பொறியியலாளர் — அவர்களைப் பற்றிச் சொல்வதென்பது சூரியனுக்கு விளக்குப் பிடிப்பது போன்றது. இவரை அறிமுகம் செய்து வைக்கும் தகுதி அடியேனுக்கு இல்லை என்றாலும், அதிபர் அவர்களின் பணிப்புரைக்கு அமைய...

இதில் விருந்தினரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. "பொறியியலாளர்" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றெல்லாம் எந்த விழாவுக்கும் பொருந்தும். நான் மற்றவர்களின் வரைவைத் திருத்தும்போது செய்கிற முதல் வேலை இதுதான்: ஒவ்வொரு வசனத்திலும் விருந்தினரின் பெயரை எடுத்துவிட்டு, போன வருடம் வந்த விருந்தினரின் பெயரைப் போட்டு வாசித்துப் பார்ப்பேன். வசனம் அப்படியே பொருந்தினால் பென்சிலால் ஒரு கோடு. உங்கள் முதல் பக்கத்தில் இப்படிச் செய்து பார்த்தேன். மிஞ்சியது இரண்டு வசனம்.

"மாண்புமிகு", "உயர்திரு", "திரு" மூன்றையும் ஒருவர் தலையில் அடுக்க வேண்டாம். "திரு" போதும். அமைச்சரோ பாராளுமன்ற உறுப்பினரோ வந்தால் "கௌரவ" என்பது அலுவலக வழக்கு, அதை விட முடியாது. பொறியியலாளருக்கு அது தேவையில்லை.

உங்களுக்குத் தகுதி இல்லை என்ற பகுதியும் போகட்டும். அது பணிவாகத் தெரிந்தாலும் அந்த அரை நிமிடம் சபை உங்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதோடு, தமிழ் கற்பிக்கிற ஆசிரியைக்கு ஒரு மனிதரை நாலு வசனத்தில் சொல்லும் தகுதி இல்லையென்றால் வேறு யாருக்கு?

இரண்டாம் பந்தி:

> அன்னார் — தம்பதிகளின் தவப்புதல்வனாக அவதரித்து, சிறுவயது முதலே அறிவிலும் ஒழுக்கத்திலும் பண்பிலும் சிறந்து விளங்கி...

டீச்சர், "அன்னார்" என்ற சொல்லை எங்கள் ஆட்கள் வேறு எங்கே கேட்கிறார்கள்? மரண அறிவித்தலில். "அன்னார், காலஞ்சென்றவர்களான இன்னாரின் அன்பு மகனும்" என்று வானொலியிலும் பத்திரிகையிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. நீங்கள் மேடையில் "அன்னார்" என்று தொடங்கி, பெற்றோர் பெயர் சொல்லி, பிறந்த இடம் சொல்லி, சகோதரர் எத்தனை பேர் என்று போனால், பின்வரிசைக் கிழவர் ஒருவர் "எப்ப நடந்தது?" என்று பக்கத்து ஆளைக் கேட்டாலும் ஆச்சரியமில்லை. உயிரோடு முன்னால் இருக்கிறவருக்கு "இவர்" என்ற சொல்லே அழகு. பெற்றோர் பெயரை விட்டுவிடுங்கள். தாயோ தகப்பனோ சபையில் இருந்தால் அவர்களை வரவேற்புரையில் ஒரு வரியில் வரவேற்கலாம்.

"அவர்கள்" என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். வரைவில் இருபது தடவைக்கு மேல். அதில் ஒரு வசனம் இப்படிப் போகிறது: "அவர்கள் எமது மாணவர்களுடன் கலந்துரையாடியபோது அவர்கள் காட்டிய ஆர்வத்தை அவர்கள் பெரிதும் பாராட்டினார்கள்." யார் ஆர்வம் காட்டினார்கள், யார் பாராட்டினார்கள்? தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. "படித்தார்", "கட்டினார்" என்றாலே மதிப்போடுதான் சொல்கிறோம். பெயர் வருகிற இடத்தில் ஒரு "அவர்கள்", பிறகெல்லாம் "இவர்", "-ஆர்" வினை. இதை மட்டும் செய்தாலே உங்கள் உரை கணிசமாகக் குறையும், ஒரு செய்தியும் குறையாது.

மூன்றாம் பந்தியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

> கொடிய யுத்தத்தின் கோரப்பிடிக்குள் சிக்கி, பசியும் பட்டினியுமாய், முகாம் வாழ்வின் சொல்லொணாத் துயரங்களைச் சுமந்து, கல்வி எனும் ஆயுதத்தை ஏந்தி, 2009 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் வெற்றி வாகை சூடிய...

இதுவும் புகழ்ச்சிதான். பதவியைப் புகழ்வது ஒரு வகை, பட்ட துன்பத்தைப் புகழ்வது இன்னொரு வகை. வன்னி மேடைகளில் இரண்டாவதுதான் அதிகம். வெளியூர் ஆள் வந்து எழுதினால் மன்னிக்கலாம். உங்கள் சபையில் இருக்கிற பெற்றோரில் பாதிப்பேர் அதே முகாமில் இருந்தவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அங்கே இருப்பார். "பசியும் பட்டினியும்" என்று நீங்கள் ஒலிவாங்கியில் இழுத்துச் சொல்லும்போது அவருக்கு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதோடு அந்தக் கதை விருந்தினருடையது. அவர் விரும்பினால் தன் பேச்சில் சொல்வார். நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் அவர் ஒன்றில் அதையே திரும்பச் சொல்ல வேண்டும், அல்லது விழுங்க வேண்டும்.

ஆனால் முழுக்க மறைக்கவும் வேண்டாம். 2009 ஆவணியில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்துகொண்டே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள் என்பது நடந்த விஷயம். இன்று தரம் 10 இல் இருக்கிற பிள்ளை அப்போது பிறந்தும் இருக்காது. அதற்குச் சொல்ல வேண்டிய செய்திதான் இது. எனவே விருந்தினரிடம் கேளுங்கள்: "நீங்கள் முகாமில் இருந்து சோதினை எழுதினதைச் சொல்லலாமா?" வேண்டாம் என்றால் அந்த வரியே இல்லை, காரணமும் கேட்க வேண்டாம். சம்மதித்தால் ஒரே வசனம், அடைமொழி இல்லாமல்: "2009 ஆவணியில் செட்டிகுளம் முகாமில் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதினார்." அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுங்கள். நிறுத்தினால் யாராவது கைதட்டத் தொடங்குவார்கள். அது கைதட்டுகிற இடமில்லை.

இதே பந்தியில் "எமது பாடசாலையின் முதல் பொறியியலாளர்" என்று ஒரு வாலும் இருக்கிறது. "முதல்" என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். இடப்பெயர்வில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றின் சேர்விடாப்பு, சம்பவத் திரட்டு எல்லாம் தொலைந்து போயின. தொண்ணூறுகளிலோ எண்பதுகளிலோ படித்து வெளியே போன ஒருவர் பொறியியலாளரானாரா இல்லையா என்று இப்போது யார் தேடிப் பார்த்துச் சொல்வது? நான் ஒரு தடவை இப்படித்தான் "முதல் மருத்துவர்" என்று வாசித்தேன். விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓர் அம்மா வந்து, தன் அண்ணர் எழுபதுகளில் அதே பாடசாலையிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போனதை மெதுவாகச் சொன்னார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நாலாம் பந்தியில்தான் உங்கள் உரையின் பொன் இருக்கிறது. நீங்களே அதை மண் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்.

> நீர்ப்பாசனத் துறையிலே அளப்பரிய சேவையாற்றி, வன்னி மண்ணின் விவசாயப் பெருமக்களின் வாழ்வில் விளக்கேற்றி, எமது குளத்தின் துருசினைக் கடந்த ஆண்டு மூன்று மாதங்களாக இரவு பகல் பாராது கட்டிலே நின்று திருத்தியமைத்த பெருமைக்குரியவரும், கடைக்கோடி வயலுக்கும் நீர் பாய வழிசமைத்தவரும்...

துருசு! இதை ஏன் இரண்டாம் பக்கத்தின் அடியில் போட்டீர்கள்? உங்கள் பிள்ளைகள் அந்தக் குளக்கட்டு வழியாகத்தான் சைக்கிளில் வருகிறார்கள். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற அந்தப் பழைய துருசு ஒழுகினதும், கட்டில் மண் அள்ளும் இயந்திரம் நின்றதும், தண்ணீரை மறித்து வேலை நடந்ததும் அவர்கள் கண்ணால் கண்டது. "அளப்பரிய சேவை" என்றால் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. "அந்தத் துருசு வேலைக்கு நின்றவர் இவர்தான்" என்றால் தரம் 4 பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும். இந்த ஒரு செய்திதான் உரையின் நடு. மற்ற எல்லாம் இதற்குக் கூட்டிக்கொண்டு வருகிற வழி.

இந்த வசனத்தை எப்படி உரிப்பது என்று பார்ப்போம். "அளப்பரிய சேவையாற்றி" போகிறது. "வாழ்வில் விளக்கேற்றி" போகிறது. "பெருமைக்குரியவரும்" போகிறது. "இரவு பகல் பாராது" என்பதும் போகிறது, ஏனென்றால் இரவில் துருசு வேலை நடந்ததா என்று ஊருக்கே தெரியும். "மூன்று மாதம்" நிற்கிறது, அது அளவு. "கட்டிலே நின்று" நிற்கிறது, அது படம். பிறகு "திருத்தியமைத்த" என்பதைக் கவனியுங்கள். திருத்தினார் என்றால் தனியாளாகத் திருத்தினார் என்று கேட்கிறது. அங்கே மேசன்மாரும் கூலிக்கு நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் உங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார். "வேலைக்குப் பொறுப்பாக நின்றார்" என்று எழுதினால் உண்மையும் சரியாக வருகிறது, அவர்களும் முகம் சுழிக்க மாட்டார்கள். பொறியியலாளருக்கும் அதுதான் பிடிக்கும். தன் வேலையைச் சரியான அளவில் சொல்வதைத்தான் அந்தத் தொழில்காரர் மதிப்பார்கள்.

"கடைக்கோடி வயலுக்கும்" என்ற பகுதியை நான் எடுத்துவிட்டேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கிறவர் மண்டபத்தில் இருப்பார். இந்தச் சிறுபோகத்தில் அவருக்குத் தண்ணீர் வந்து சேரவில்லையென்றால் அவர் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் அந்தச் சிரிப்புக்குள் போய்விடும். கமக்காரர் அமைப்பில் ஒருவரைக் கேட்டு உறுதி செய்தால் சேர்க்கலாம். செய்யாவிட்டால் விடுங்கள், உரைக்கு நட்டமில்லை.

கடைசிப் பந்தியில் "பல வேலைப்பளுக்களுக்கு மத்தியிலும் தனது பொன்னான நேரத்தை ஒதுக்கி எமது அழைப்பை ஏற்று வருகை தந்தமைக்கு" என்று இருக்கிறது. இது நன்றியுரைக்குச் சொந்தமான வரி. வரவேற்புரை எழுதுகிறவரும் இதையே எழுதியிருப்பார், கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் அரை மணி நேரம் இருந்து யார் எதைச் சொல்வது என்று பிரித்துக்கொண்டால் நல்லது. வரவேற்புரை பதவி வரிசைப்படி எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்கட்டும். வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர் எல்லாம் அங்கே. நன்றியுரை வந்ததற்கு நன்றி சொல்லட்டும். நீங்கள் ஒரே ஓர் ஆளைப் பற்றி மட்டும் பேசுங்கள். "வாழ்க பல்லாண்டு" என்பதையும் விட்டுவிடுங்கள். அவர் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

எழுதுவதற்கு முன் அவருக்கு இன்னொரு தடவை தொலைபேசி எடுங்கள். பெரும்பாலும் நாங்கள் சுயவிபரக்கோவையைக் கேட்டு வாங்கி அதைத் தமிழில் வாசிக்கிறோம். அது வேலைக்கு விண்ணப்பிக்க எழுதியது, பிள்ளைகளுக்கு எழுதியதல்ல. அதில் துருசு இருக்காது. நேரில் கேட்டால்தான் வரும். முதலில் பெயர்: முதலெழுத்து என்ன, எப்படி உச்சரிப்பது. பிறகு இப்போதைய பதவி, அவர் வாயாலேயே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஓர் அதிகாரியை நான் "பணிப்பாளர்" என்று அறிமுகம் செய்தேன். அவர் அப்போது பதில் கடமையில்தான் இருந்தார். நிரந்தரப் பணிப்பாளராக நியமனம் பெற்றவர் அதே முன்வரிசையில் நாலு கதிரை தள்ளி இருந்தார். கொஞ்சம் உயர்த்திச் சொன்னால் யாருக்கு நட்டம் என்று நினைத்தேன். இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் கறுத்தது. பதில், பிரதி, மேலதிக, உதவி என்ற முன்சொற்கள் சின்னதாகத் தெரியும், அவற்றை விழுங்கவே கூடாது.

பிறகு அவர் இந்தப் பாடசாலையில் எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை படித்தார் என்று கேளுங்கள். கடைசியாக, "பிள்ளைகளுக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவர் பதில்தான் உங்கள் கடைசி வசனம். கணிதத்தில் தான் தடுமாறின கதையைச் சொல்ல நினைத்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அருமை. அதைச் சொல்லிவிடாமல், வாசல் மட்டும் திறந்து வையுங்கள்.

இப்போது, உங்கள் வரைவிலும் கடிதத்திலும் இருந்ததை மட்டும் வைத்து நான் திருப்பி எழுதியது இது. பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். முகாம் வரி அவர் சம்மதித்தால் மட்டும்.

> இன்றைய பிரதம விருந்தினர், பொறியியலாளர் திரு. — அவர்கள்.
>
> இவர் எங்கள் பழைய மாணவர். தரம் 1 இலிருந்து 2008 இடப்பெயர்வு வரை இங்கேதான் படித்தார். 2009 ஆவணியில் செட்டிகுளம் முகாமில் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, இப்போது நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருக்கிறார்.
>
> பிள்ளைகளே, போன வருடம் எங்கள் குளத்துத் துருசைத் திருத்தினதை நீங்கள் பார்த்தீர்கள். மூன்று மாதம் குளக்கட்டில் நின்று அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் இவர்தான்.
>
> கணிதம் தனக்கு வராது என்று நினைக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இவர் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தக் கதை இவரிடம் இருக்கிறது.
>
> திரு. — அவர்களைப் பேச அழைக்கிறேன்.

நேரம் வைத்து வாசித்தேன். ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. "சிறந்த", "மிகச்சிறந்த", "பெரும்" என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. ஆனாலும் இதைக் கேட்கிறவருக்கு இவர் மேல் மதிப்பு வரும், ஏனென்றால் அவர் செய்ததைச் சொல்லியிருக்கிறோம். பெயர் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. சிலர் பெயரைக் கடைசி வரை ஒளித்து வைத்து, "அவர் வேறு யாருமல்ல" என்று இழுப்பார்கள். பின்னால் இரண்டடி எழுத்தில் பதாகை தொங்கும்போது அதில் என்ன இரகசியம்?

"எமது", "வருகை தந்திருக்கும்", "கல்வி பயின்றார்" என்றெல்லாம் வேண்டுமா என்று கேட்பீர்கள். உங்கள் நாக்குக்கு அது இயல்பாக வந்தால் "எமது" இருக்கட்டும். நான் "எங்கள்" என்று எழுதியதற்குக் காரணம், அடுத்த வசனத்தில் பிள்ளைகளைப் பார்த்துப் பேசப் போகிறோம். செந்தமிழில் தொடங்கி "பிள்ளைகளே" என்று இறங்கினால் படி தட்டுப்படும்.

அதிபருக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ இது மொட்டையாகத் தெரியலாம். "இன்னும் நாலு வரி போடுங்கோ" என்பார்கள். போடலாம், ஆனால் பெயர் மாற்றும் சோதனையில் தப்புகிற வரியாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையாகவே நல்ல வரி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உதாரணமாக, இவர் படித்த காலத்தில் கற்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது, இவர் எந்த மரத்துக்குக் கீழே இருந்து படித்தார் என்று சொன்னால் அது துருசுக்கு நிகரான செய்தி. அப்படி ஒன்று கிடைத்தால் பேராதனை வரியைக் குறைத்துவிட்டு இதைப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த விழாவில் இது வரும். வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிற பழைய மாணவர் விருந்தினராக வந்தால் "கொடைவள்ளல்", "கலியுகக் கர்ணன்" என்று கை தானாகவே எழுதும். அங்கேயும் இதே வழிதான். கொடுத்தது எது, எத்தனை, இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்: "விஞ்ஞான அறையில் இருக்கிற நுணுக்குக்காட்டிகள் இவர் வாங்கித் தந்தவை. இந்த வருடம் தரம் 11 பிள்ளைகள் அவற்றில்தான் பயிற்சி செய்தார்கள்." தொகையைச் சொல்ல வேண்டாம். சொன்னால் அடுத்த வருடம் அதைவிடக் குறைவாகத் தந்தவர் மேடைக்கு வரக் கூச்சப்படுவார்.

எழுதி முடிந்ததும் வட்ஸ்அப்பில் விருந்தினருக்கு அனுப்பி, "பிழை ஏதும் இருந்தால் திருத்துங்கள்" என்று கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "நல்லாயிருக்கு டீச்சர்" என்ற பதில்தான் வரும், ஆண்டு பிழையாக இருந்தாலும்.

அரைத்தாளில், பெரிய எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று உடைத்து அச்செடுங்கள். கைபேசியைப் பார்த்து வாசிக்க வேண்டாம். வெயிலில் திரை தெரியாது, அந்த நேரம் பார்த்து யாராவது அழைப்பும் எடுப்பார்கள். "துருசு" என்ற வரிக்கு வரும்போது தாளிலிருந்து கண்ணை எடுத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். பிரதம விருந்தினருக்குத் திடீரெனக் கூட்டம் வந்து, பிரதிநிதியை அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அப்படி நடந்தால், வந்தவரை அதிபர் அறையில் தேநீர் கொடுக்கிற நேரத்தில் பிடித்து, பெயர், பதவி, இந்தப் பக்கத்தில் செய்த ஒரு வேலை என்று மூன்றை மட்டும் கேட்டு அதில் எழுதிக்கொள்ளுங்கள். பேனை ஒன்றும் கையில் இருக்கட்டும்.